டொரன்டோ காலைக்கு ஒரு திருச்சி உதவியாளர்

“விர்ச்சுவல் அசிஸ்டென்ட் தேவை. வீட்டிலிருந்தே வேலை. நேரம் உங்கள் வசதிப்படி. சம்பளம் பேசித் தீர்மானிக்கப்படும்.” இப்படி ஒரு விளம்பரம் கொடுத்தால் விண்ணப்பங்கள் குவியும். ஆனால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவுசெய்ய அந்த விளம்பரத்தில் எந்தப் பிடியும் இருக்காது. வேலைக்கு வருபவருக்கும் அதே நிலைதான். எத்தனை மணிக்கு உட்கார வேண்டும், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, முதல் வாரத்துக்குச் சம்பளம் உண்டா என்று எதுவும் தெரியாமலே சேர்ந்துவிடுவார். முதலாளியும் உதவியாளரும் ஒரே ஊரில் இருந்தால் இதையெல்லாம் போகப்போகச் சரிசெய்துகொள்ளலாம். ஒருவர் விழிக்கும்போது இன்னொருவர் வேலையை முடிக்கும் தூரத்தில் இருந்தால், ஒவ்வொரு தெளிவின்மைக்கும் ஒரு முழு நாள் விலை கொடுக்க வேண்டிவரும்.

கற்பனையாக ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பெண்மணி கல்யாண மேடை அலங்காரத் தொழில் நடத்துகிறார். மாலை முழுவதும் மண்டபங்களில் இருப்பார். விலை விசாரித்து வரும் மெயில்கள் இரவில்தான் அதிகம். காலையில் அவர் எழும்போது அவற்றுக்குப் பதில் போயிருக்க வேண்டும். அதற்குத் திருச்சியில் ஒருவரை வாரம் 20 மணி நேரம் வைத்துக்கொள்ள நினைக்கிறார்.

முதலில் நேரத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் பெரும்பாலான கசப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தியாவின் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. டொரன்டோவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். அதனால் கோடையில் இரண்டு ஊர்களுக்கும் இடைவெளி ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. கோடையில் டொரன்டோ காலை 6 முதல் 10 வரை என்பது திருச்சியில் மாலை 3.30 முதல் 7.30 வரை. நவம்பர் வந்ததும் அதே வேலை 4.30 முதல் 8.30 வரை என்றாகிவிடும். உதவியாளருக்கு வீட்டில் ஏழரைக்கு மேல் பிள்ளைகளின் படிப்போ சமையலோ இருந்தால், அந்த ஒரு மணி நேரம் சின்ன விஷயமல்ல. ஆகவே எந்த ஊர்க் கடிகாரம் நிலையாக நிற்கும், யார் நகர்ந்துகொடுப்பார் என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிட வேண்டும். நவம்பரில் சொல்வது தாமதம்.

கூகுள் காலண்டரில் இதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. தினசரிக் கூட்டத்தை டொரன்டோ நேரத்தில் உருவாக்கினால், நவம்பரில் திருச்சிக்காரரின் காலண்டரில் அது தானாக ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இந்திய நேரத்தில் உருவாக்கினால் டொரன்டோக்காரருக்கு நகரும். எந்த நேர மண்டலத்தில் போட்டோம் என்று கவனிக்காமல் விட்டு, ஒருவர் வந்து காத்திருக்க இன்னொருவர் தூங்கிக்கொண்டிருக்கும் குழப்பம் இப்படித்தான் வருகிறது. ‘இ.எஸ்.டி.’, ‘ஐ.எஸ்.டி.’ என்ற சுருக்கங்களை நம்பவும் வேண்டாம். கோடையிலும் பழக்கத்தில் இ.எஸ்.டி. என்றே எழுதுகிறார்கள், அது குளிர்கால நேரம். “டொரன்டோ காலை 9 மணி, திருச்சி மாலை 6.30” என்று ஊர் பெயரோடு இரண்டையும் எழுதினால் தகராறு இல்லை. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்ற கெடுவும் இப்படித்தான். டொரன்டோவின் வெள்ளி மாலை 5 மணி, கோடையில் திருச்சிக்குச் சனி அதிகாலை 2.30.

இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து பேசக்கூடிய பொது நேரம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. நம் உதாரணத்தில் டொரன்டோ காலை 8 முதல் 10 வரை, இரண்டு மணி நேரம். இந்த மாதிரி வேலைக்கு அது தாராளம். டொரன்டோவின் ஒன்பதிலிருந்து ஐந்து வரை முழுவதும் கூடவே இருக்க வேண்டும் என்று கேட்டால், குளிர்காலத்தில் திருச்சியில் இரவு 7.30 தொடங்கி அதிகாலை 3.30 வரை கண்விழிக்க வேண்டும். அதற்குச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது இரவு வேலை. இரவு வேலை என்று எழுதி, அதற்கேற்ற சம்பளமும் சொல்ல வேண்டும். ‘நேரம் உங்கள் வசதிப்படி’ என்ற வரிக்குள் அதை ஒளித்துவைப்பது நியாயமில்லை.

பொது நேரத்துக்கு வெளியே எழும் சந்தேகங்களுக்கு ஒரே ஒரு விதி போதும். கேள்வி கேட்கும்போதே, பதில் வராவிட்டால் என்ன செய்யப்போகிறார் என்பதையும் உதவியாளர் எழுத வேண்டும். “இந்த வாடிக்கையாளர் இரண்டு தேதி கொடுத்திருக்கிறார். எட்டு மணிக்குள் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டுக்கும் தனித்தனி விலை அனுப்புகிறேன்.” இப்படி எழுதுபவரிடம் வேலை நிற்காது. “என்ன செய்யட்டும் மேடம்?” என்று மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம், முதலாளி எழும்வரை அந்த மெயில் அப்படியே கிடக்கும்.

இனி வேலைப் பட்டியல். ‘மெயில் பார்த்துக்கொள்வது’ என்பது வேலையின் பெயர்தான். எது முடிந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நம் பெண்மணி இப்படி எழுதலாம்: “திங்கள் முதல் வெள்ளி வரை, டொரன்டோ 9 மணிக்குள் முந்தின இரவு வந்த எல்லா விசாரணைகளுக்கும் பதில் போயிருக்க வேண்டும். தேதி, மண்டபம், விருந்தினர் எண்ணிக்கை மூன்றும் இருந்தால் மாதிரி விலைப்பட்டியலை அனுப்பலாம். ஒன்று குறைந்தாலும் அதைக் கேட்டு எழுதவும். தள்ளுபடி, பணத்தைத் திருப்பித் தருவது, புகார் ஆகியவற்றுக்குப் பதில் எழுத வேண்டாம். எனக்கென்று லேபிள் போட்டு வைக்கவும்.” கடைசி வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் தைரியமாக வேலை செய்வார்.

மணிக்கணக்கையும் இந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 20 மெயில், ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். சந்திப்புகளைக் காலண்டரில் ஏற்ற அரை மணி. பணம் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டவும் பில் அனுப்பவும் ஒரு மணி நேரம். நாள் முடிவில் இன்று என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று குறிப்பு எழுதக் கால் மணி. மொத்தம் மூன்றே முக்கால். நாளுக்கு நான்கு மணி நேரம் சரியாக வருகிறது. இதே நான்கு மணிக்குள் இன்ஸ்டாகிராம் பதிவுகளும் வீடியோ எடிட்டிங்கும் செய்ய வேண்டும் என்று சேர்த்தால் கணக்கு உடைந்துவிடும். புதியவர் முதல் வாரத்தில் இதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுப்பார் என்பதையும் எதிர்பார்த்தே தொடங்க வேண்டும்.

கருவிகளின் பெயரைச் சொல்வதோடு, அவற்றுக்குள் எப்படி நுழைவது என்பதையும் சொல்ல வேண்டும். மெயில் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதுகாப்புக்குக் கேடு என்பது ஒருபுறம். நேர வித்தியாசத்தில் அது வேலைக்கும் ஆகாது. திருச்சியில் மூன்றரைக்கு உதவியாளர் லாகின் செய்ய முயல்வார். புது இடம், புது கம்ப்யூட்டர் என்பதால் கூகுள் ஓ.டி.பி. கேட்கும். அது டொரன்டோவில் தூங்குபவரின் தலைமாட்டில் இருக்கும் போனுக்குப் போகும். அன்றைய முதல் இரண்டு மணி நேரம் வீண்.

இதற்கு ஜிமெயிலில் டெலிகேட் என்ற வசதி இருக்கிறது. பாஸ்வேர்ட் கொடுக்காமலே உதவியாளர் தன் சொந்தக் கணக்கிலிருந்து முதலாளியின் மெயிலைப் படிக்கலாம், அனுப்பலாம். பாஸ்வேர்டை மாற்ற அவரால் முடியாது. மெயிலை அழிக்க முடியும் என்பதால், ‘எதையும் அழிக்க வேண்டாம்’ என்று தனியாகச் சொல்லிவிட வேண்டும். அழைப்பை உதவியாளர் ஏற்ற பிறகும் அது நடைமுறைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது என்றால் அதற்கு முந்தைய வியாழனன்றே அனுப்பிவிடுவது நல்லது. பில் போடும் மென்பொருளிலும் அவருக்கென்று தனிப் பயனராகவே சேர்க்க வேண்டும். திரையைப் படம்பிடிக்கும் நேரக் கணக்கு மென்பொருள் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதையும் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும். மின்வெட்டு நேரத்துக்கு இன்வெர்ட்டரும் இரண்டாவது இன்டர்நெட் இணைப்பும் தேவையா, அந்தச் செலவு யாருடையது என்பதும் இதே இடத்தில் வர வேண்டிய வரிகள்.

இனி சம்பளத்தோடு கூடிய சோதனை வாரம். சம்பளமில்லாமல் ‘ஒரு சாம்பிள் செய்து காட்டுங்கள்’ என்று பத்துப் பேரிடம் வேலை வாங்கிக்கொண்டு ஒருவரையும் எடுக்காமல் போவது திருட்டு என்றே சொல்வேன். மணிக்கு 9 கனடிய டாலர் என்று பேசியிருந்தால், 20 மணி நேரத்துக்கு 180 டாலர். தொடர்ந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது முழுவதும் போய்ச் சேர வேண்டும். எந்தச் சேவை வழியாக அனுப்புவது, பணம் அனுப்பும் கட்டணம் யார் தலையில் என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். வேலை தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: டெபாசிட் கட்டு, பயிற்சிக்குப் பணம் கட்டு என்று கேட்பவரும், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போட்டு வேறொருவருக்கு அனுப்பச் சொல்பவரும் வேலை கொடுக்க வந்தவர்கள் அல்ல.

அந்த வாரத்தில் நிஜ வேலையை, நிஜ நேரத்தில் செய்ய வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் உதவியாளர் பதில்களை டிராஃப்டாக மட்டும் வைக்கட்டும்; முதலாளி எட்டு மணிக்கு எழுந்து பார்த்து அனுப்பலாம். புதன் முதல் சாதாரண விசாரணைகளுக்கு அவரே அனுப்பட்டும். வியாழக்கிழமை, வேண்டுமென்றே ஒரு தகவல் குறைவான வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். மண்டபத்தின் பெயரைச் சொல்லாமல் ஒரு சந்திப்பைப் பதியச் சொல்லுங்கள். அவர் தானாக எதையோ நிரப்பிவிடுகிறாரா, மெயிலில் தேடிப் பார்க்கிறாரா, கேட்கிறாரா என்பது, நேர்முகத்தில் ஒரு மணி நேரம் பேசினாலும் வெளிப்படாத குணம்.

முதல் வாரத்தில் தவறுகள் வரத்தான் செய்யும், அவற்றை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். செவ்வாயன்று சுட்டிக்காட்டிய தவறு வியாழனன்று திரும்ப வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நாள் முடிவுக் குறிப்பு ஐந்து நாளும் கேட்காமலே வந்ததா என்றும் பாருங்கள். கூடவே முதலாளி தன் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். திங்களன்று சரிபார்க்க ஒரு மணி நேரம் ஆகி, வெள்ளியன்று இருபது நிமிடமாகக் குறைந்திருந்தால் ஏற்பாடு சரியான வழியில் போகிறது. வெள்ளியன்றும் அதே ஒரு மணி நேரம் ஆகிறதென்றால், உதவியாளரைக் குறை சொல்வதற்கு முன் தான் எழுதிக்கொடுத்த குறிப்பை எடுத்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பல நேரம் ஓட்டை அங்கேதான் இருக்கும். அந்த வரிகளைத் திருத்தி, அதே நபருக்கு இன்னொரு வாரம், அதே சம்பளத்தில் கொடுப்பது புதிய ஆளைத் தேடுவதைவிடச் சிக்கனமானது.

வேண்டாம் என்று முடிவானால், அதை வெள்ளிக்கிழமைப் பொது நேரத்திலேயே போனில் காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். பிறகு டெலிகேட் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து, பில் மென்பொருளின் பயனர் கணக்கை மூடி, காலண்டர் பகிர்வை நிறுத்தி, பணத்தையும் அன்றே அனுப்பிவிட வேண்டும்.