ஐந்து சாஷே, ஒரு ட்யூப்

சன்ஸ்கிரீன் வாங்கத் தயங்கும் நம் ஊர்ப் பெண்ணிடம் காரணம் கேட்டால், விலைக்கு முன்பாக ஒரு பயம் வெளியே வரும்: "பூசினா முகம் வெளுத்துப்போய் சாம்பல் அடிச்ச மாதிரி ஆயிடுமே!" மாநிறத்திலும் கறுப்பிலும் இந்தப் பயம் நியாயமானது. துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் கலந்த கிரீம்கள் பல, தோலின் மேல் வெள்ளைப் படலமாகத் தங்கிவிடும். பேர் தெரியாத ஒரு புது கம்பெனியின் ட்யூபுக்கு 450 ரூபாய் கொடுத்துவிட்டு அந்தக் கோலத்தில் ஆபீஸ் போக யாருக்கு மனம் வரும்?

சாம்பிள் சாஷே தீர்த்துவைக்க வேண்டியது இந்த ஒரு சந்தேகத்தைத்தான். பூசிய இரண்டு நிமிடத்தில் கண்ணாடியே பதில் சொல்லிவிடும். மதியம் வேர்வையில் கண் எரிகிறதா, பிசுபிசுக்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அதனால்தான் புதிதாகத் தொடங்கும் நிறுவனம் சாம்பிளுக்கு முதலில் சன்ஸ்கிரீனை எடுப்பது நல்லது என்கிறேன். கரும்புள்ளியைக் குறைக்கும் சீரத்தை சாஷேயில் கொடுத்துப் பயனில்லை. இளம் வயதிலேயே மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 4 வாரம் ஆகும். மூன்று நாள் பூசிய பெண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது, 'இது வேலை செய்யல' என்ற முடிவுதான் மிஞ்சும். ரெட்டினால் இன்னும் மோசம். தோல் உரிவதும் எரிவதும் முதலில் வரும், பலன் பிறகுதான் வரும்.

அளவில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது 1 கிராம் சாஷே. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரைக் கோடு வேண்டும் என்பது தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதாவது சுமார் ஒன்றேகால் கிராம். 1 கிராம் சாஷே ஒரு தடவைக்கே போதாது. ஆனால், கையில் வந்ததை வைத்து சாம்பிள் வாங்கியவர் முகம் முழுவதும் மெல்லியதாகத் தேய்த்துவிடுவார். மெல்லியதாகப் பூசினால் வெள்ளைப் படலமும் தெரியாது. "அட, நல்லாருக்கே" என்று ட்யூப் வாங்குவார். அதை ட்யூபில் சொன்னபடி தாராளமாகப் பூசும்போதுதான் முகம் சாம்பலாகும். கோபத்தோடு திரும்பி வரும் பார்சல்களில் ஒரு பங்கு இந்த ஒரு கிராமில் பிறந்தது. இன்னொன்று: எஸ்.பி.எஃப். எண்ணே ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் சோதிக்கப்படுகிறது. குறைவாகப் பூசியவருக்கு உறையில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது.

ஆக, சாஷேக்கு ஒன்றரை கிராம், ஒரு அட்டையில் ஐந்து சாஷே என்று வைக்கலாம். 5 கிராம் சாஷே ஒன்றாகக் கொடுத்தால் மலிவுதான். ஆனால், கிழித்த சாஷேயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு பாத்ரூம் திண்டில் வைப்பார்கள். மறுநாள் வாய்ப்பக்கம் காய்ந்திருக்கும், ஈரக் கை பட்டிருக்கும். ஒரு தடவைக்கு ஒன்று என்பதே சரி. அந்த ஐந்தில் முதல் சாஷே முகத்துக்கானதல்ல. முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்க்க. இதை அட்டையில் பெரிய எழுத்தில், தமிழில் போட வேண்டும். மீதி நான்கு, நான்கு காலைகளுக்கு.

இனி பணம். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 50 கிராம் ட்யூப் 450 ரூபாய், தயாரிப்பு, பெட்டி, கூரியர் எல்லாம் சேர்த்து 200, கையில் நிற்பது 250. ஐந்து சாஷே அட்டைக்கு 35 ரூபாய், கூரியருக்கு 45, ஆக 80. இலவசமாக 100 அட்டை அனுப்பினால் 8,000 ரூபாய் போகும். அதைத் திரும்ப எடுக்கவே 100 பேரில் 32 பேர் ட்யூப் வாங்க வேண்டும். இலவசம் என்று கேட்டு வாங்கியவர்களிடம் அந்த எண்ணிக்கையை எதிர்பார்க்க முடியாது. அதே அட்டையை 99 ரூபாய்க்கு விற்று, ட்யூப் வாங்கும்போது அந்த 99-ஐக் கழித்துத் தருவதாகச் சொன்னால் கதை மாறுகிறது. 100 அட்டையில் 9,900 ரூபாய் வந்து, செலவு போக 1,900 மிச்சம். 20 பேர் வாங்கினாலும் கழிவு போகத் தலைக்கு 151 ரூபாய், மொத்தம் 3,020. (வரி தனி.) 99 ரூபாய் கொடுக்க முன்வந்தவர் உண்மையிலேயே சன்ஸ்கிரீன் தேடிக்கொண்டிருப்பவர் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

கிராம் கணக்கில் சாஷேயின் விலையை ட்யூபைவிட மலிவாக வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சாஷே என்பது நம் மண்ணில் வளர்ந்த வியாபாரம். கடலூரின் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவை ஆரம்பித்தார். ஆனால், அங்கே சாஷேதான் சரக்கு. பாட்டிலுக்குக் கூட்டிப்போவது நோக்கமே இல்லை. இன்றும் பல ஷாம்பூக்களில் பாட்டிலைவிட சாஷே கணக்குக்கு மலிவு, அதனால் வீடுகளில் சரம் சரமாக சாஷேதான் தொங்குகிறது. ட்யூபை விற்க வேண்டிய நிறுவனத்துக்கு அது ஆகாது. நம் கணக்கில் ஏழரை கிராம் 99 ரூபாய் என்றால் கிராமுக்கு 13 ரூபாய்க்கு மேல். ட்யூபில் 9 ரூபாய்தான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் சிக்கிடமிருந்து கற்க ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனி ஷாம்பூவின் காலி சாஷே ஐந்தைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்று முதலில் அறிவித்தார்கள். அது, ஏற்கெனவே ஷாம்பூ போடுகிறவர்களை மட்டும் தேடிப் பிடித்தது. பிறகு, சிக்கின் காலி சாஷே மட்டும் செல்லும் என்று மாற்றினார்கள். முதல் கட்டம் ருசி காட்டியது, இரண்டாம் கட்டம் திரும்ப வாங்குவதற்குப் பரிசு கொடுத்தது. இந்த வரிசையைத்தான் புது நிறுவனங்கள் மறக்கின்றன. சாம்பிள் அனுப்பியதோடு வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். அட்டை கைக்குக் கிடைத்த ஏழாம் நாள், சோதனைக்கு இரண்டும் முகத்துக்கு நான்குமாக ஆறு நாள் முடிந்தவுடன், ஒரு வாட்ஸ்அப் செய்தி போக வேண்டும். கழிவுக்கு 15 நாள் கெடு போதும்.

சாஷேயே கெட்டுப்போனால் இத்தனையும் வீண். கத்திரி வெயிலில் கூரியர் வண்டிக்குள் கிடந்த சாஷேயைக் கிழித்ததும் தண்ணீர் தனியாக, கிரீம் தனியாக வந்தால் அந்த வாடிக்கையாளர் அதோடு சரி. ட்யூபில் நன்றாக இருந்த கிரீம் சாஷேயிலும் இருக்கும் என்று நம்பக் கூடாது. வாசனை எண்ணெய்கள் சில, உறையின் உள்படலத்தைப் பிரித்துவிடும். அடித்து வந்த சாஷேயில் சிலதை 40 டிகிரி வெப்பத்தில் வைத்து, வாரம் ஒருமுறை துல்லியத் தராசில் எடை பார்க்க வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் ஒட்டு கசிகிறது என்று அர்த்தம், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் மட்டும் இல்லாமல் ஒவ்வொரு சாஷேயிலும் இருக்கட்டும். அட்டை முதல் நாளே குப்பைக்குப் போய்விடும்.

சாம்பிள் பலித்ததா என்பதற்கு, எத்தனை பேர் ட்யூப் வாங்கினார்கள் என்று பார்ப்பது பாதிக் கணக்கு. அவர்கள் கழிவுக்காகவும் வாங்கியிருக்கலாம். தினம் ஒன்றேகால் கிராம் பூசினால் 50 கிராம் ட்யூப் 40 நாளில் தீரும். கழிவு எதுவும் இல்லாமல், முழு விலை கொடுத்து, 60 நாளுக்குள் இரண்டாவது ட்யூப் வாங்கியவர்களை எண்ணுங்கள். அடுத்த முறை எத்தனை அட்டை அடிப்பது என்பதை அந்த எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள்.