கரண்ட் போன வீட்டில் ஒரு பூனைக் கதை

பூனை ஒரு வீட்டையே ஏமாற்றுவதாகக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே பூனையை யோசிக்க விட்டுவிடுகிறார்கள். "இவர்களை இன்று ஒரு கை பார்க்கிறேன் என்று பூனை நினைத்தது" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், கதையில் இருப்பது பூனை வேடம் போட்ட மனிதன்தான். பூனை பூனையாகவே இருக்க வேண்டும். அது பதுங்கும், நக்கும், தூங்கும், திறந்த கதவில் நுழையும், அவ்வளவுதான். ஏமாறுகிற வேலையை வீட்டு மனிதர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். மதுரையில் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை இரவு. அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்கூடம் போகும் மகள், குண்டு என்கிற கறுப்புப் பூனை. அடுப்படியில் வறுத்த சீலா மீன் ஆறு துண்டு, மேலே ஒரு தட்டுப் போட்டு மூடியிருக்கிறது. கூடத்து நாற்காலியில் பாட்டியின் கம்பளிச் சால்வை சுருண்டு கிடக்கிறது. பாட்டி எடுக்கச் சொல்லியும் யாரும் எடுக்கவில்லை. இந்தச் சால்வையைக் கரண்ட் இருக்கும்போதே, போகிற போக்கில் சொல்லிவிட வேண்டும். பிறகு வாசகர் அதை மறந்துவிடுவார். அந்த மறதிதான் நமக்கு வேண்டும்.

கரண்ட் போகிறது. இன்றைக்குப் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருப்பதால் அதற்கும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற அப்பா ஒரு மாதமாக மறந்திருக்கிறார். இந்த ஒரு வரியில் இருட்டும் வந்துவிடுகிறது, அப்பா எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அப்பா அடுப்படிக் கதவைத் திறந்து மெழுகுவர்த்தியைத் தேடுகிறார். கிடைக்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்துகிறார். எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது, ஆனால் நாம் அதைச் சொல்வதில்லை.

"ஏங்க, பூனை எங்க?"

"இந்தா, சேர்ல சுருண்டு கிடக்குது."

பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் கையை வைக்கிறாள். "அசையல. நான் பிடிச்சிருக்கேன், நீ வாசலப் பாத்துக்க" என்கிறாள். அப்பா விளக்குமாற்றோடு அடுப்படி வாசலில் காவல் நிற்கிறார். உள்ளே தட்டு 'டங்' என்கிறது.

"எலி" என்கிறார் அப்பா.

"பூனை இருக்கிற வீட்ல ஏதுப்பா எலி?" என்கிறாள் மகள். யாரும் பதில் சொல்வதில்லை.

நகைச்சுவை பிறக்கிற இடம் இதுதான். அவர்கள் முட்டாள்கள் அல்ல. ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு கவனமாகத்தான் செய்கிறார்கள். பாட்டி சால்வையைப் பிடித்திருக்கிறாள், அப்பா பூனைக்குக் காவல் நிற்கிறார். அவர்கள் கவனம் கூடக் கூட வாசகருக்குச் சிரிப்பும் கூடும். ஆகவே நடுவில் யாரையும் வழுக்கி விழ வைக்காதீர்கள், பாத்திரங்களை உருட்டாதீர்கள். ஒரு 'டங்' போதும். இரண்டாவது சத்தம் வந்தால் எந்த அப்பாவும் கதவைத் திறந்து பார்த்துவிடுவார்.

பூனையைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருந்தால் பூனைக்குக் கண் தெரியும். முழு இருட்டில் அதற்கும் தெரியாது. எனவே அடுப்படி ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு வெளிச்சம் கொஞ்சம் விழட்டும். அதன் கண் தானாக ஒளிர்வதும் இல்லை. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம், மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. செல்போன் டார்ச் அடித்தால் அது காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், மகள் பாட்டுக் கேட்டுச் சார்ஜைத் தீர்த்திருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். கரண்ட் போனதைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் கதை நின்றால் இருட்டு அங்கே வெறும் அலங்காரம், திரும்ப எழுதத்தான் வேண்டும். நம் கதை நிற்காது. வெளிச்சத்தில் சால்வை சால்வையாகத் தெரிந்துவிடும்.

பலர் கோட்டை விடுவது முடிவில்தான். கரண்ட் வந்ததும் "அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது" என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் விளக்குகிறார்கள். வாசகருக்கு முன்பே புரிந்துவிட்டது. கரண்ட் வரட்டும், பாட்டி தன் கையைப் பார்க்கட்டும், அப்பா கதவைத் திறக்கட்டும். தட்டில் எலுமிச்சைத் துண்டும் வெங்காயமும் மட்டும் இருக்க, குண்டு முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறது. அந்த வரியோடு பேனாவை மூடிவிடுங்கள்.