நேர்காணல் தேதியை மாற்றக் கேட்கும்போது

வியாழன் காலை 11 மணிக்கு நேர்காணல். அதே நேரத்தில் இப்போதைய அலுவலகத்தில் தணிக்கைக் கூட்டம் வந்துவிட்டது. தெரிந்த அன்றே எழுதிவிடுங்கள். முந்தைய இரவு வரை தள்ளினால்தான் சந்தேகம் வரும். அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கே, சொந்த முகவரியிலிருந்து பதில் போடுங்கள். அலுவலக முகவரி வேண்டவே வேண்டாம்.

"வியாழன் 11 மணிக்கு, நான் தவிர்க்க முடியாத அலுவலகப் பணி வந்துள்ளது. வெள்ளி காலை 10 முதல் 1 வரை அல்லது திங்கள் மாலை 4-க்குப் பின் வர இயலும். சிரமத்துக்கு வருந்துகிறேன்."

கூட்டத்தின் விவரம் தேவையில்லை. அது நிறுவன ரகசியம். பொய்க் காய்ச்சலும் வேண்டாம். மறுநாள் மதியம் வரை பதில் இல்லையென்றால் தொலைபேசியில் கேளுங்கள்.