கட்டைவிரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

சென்ற மாதம் என் சித்தி தன் போனில் புதிதாக ஒரு மளிகை ஆப்பை ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் திரையில் காய்கறிக் கூடைப் படம், அதன் கீழே நான்கு வரி வரவேற்புரை, வலது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் ‘தவிர்’ என்று ஒரு பொடி எழுத்து. சித்தி அதைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். மூன்றாவது தட்டு பக்கத்தில் இருந்த மொழிப் பட்டனில் விழுந்து, திரை முழுக்க இந்திக்கு மாறிவிட்டது. “டச் வேலை செய்யலடா, என்னன்னு பாரு” என்று போனை நீட்டினார். டச் நன்றாகத்தான் இருந்தது. அந்த எழுத்தைச் சுற்றி விரல் படுவதற்குத்தான் இடம் இல்லை.

ஆப்பை முதன்முறை திறந்ததும் வரிசையாக வரும் வரவேற்பு, மொழித் தேர்வு, போன் எண், ஓடிபி, அனுமதி கேட்கும் திரைகளைத் தொழிலில் ‘ஆன்போர்டிங்’ என்கிறார்கள். பழகிய ஆப்பில் எந்தப் பட்டன் எங்கே என்பது விரலுக்கே தெரிந்துவிடும். இங்கே எல்லாமே புதிது. அதனால் சிறு பிசகுகூடப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு பட்டனுக்கு இரண்டு அளவுகள் உண்டு: கண்ணுக்குத் தெரிவது ஒன்று, விரலுக்குக் கேட்பது இன்னொன்று. நம் விரல் கண்ணாடியில் ஒரு வட்டமாகப் பதிகிறது. போன் அந்த வட்டத்தைச் சுருக்கி ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. நாமோ நகத்தைப் பார்த்துக் குறிவைக்கிறோம்; கண்ணாடியில் படுவது அதற்கு அடியில் உள்ள சதை. குறியும் புள்ளியும் கொஞ்சம் விலகத்தான் செய்யும். அந்த விலகலைத் தாங்கும் அளவுக்குத் தட்டும் பரப்பு இருக்க வேண்டும்.

எவ்வளவு? பெக்கா பர்ஹி, ஏமி கார்ல்சன், பெஞ்சமின் பெடர்சன் ஆகிய மூவரும் ஒரு கையில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் தட்டுபவர்களை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒற்றைத் தட்டுக்கு 9.2 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும் என்பது அவர்கள் பரிந்துரை. ஆப்பிள் தன் வழிகாட்டியில் 44 பாயின்ட் என்கிறது. ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்வது 48 டிபி. ஒரு டிபி என்பது ஓர் அங்குலத்தில் 160-இல் ஒரு பங்கு. ஆக 48 டிபி கணக்குப்படி 7.6 மில்லிமீட்டர்; போனுக்குப் போன் சற்று மாறும். 9.2-ஐவிட இது குறைவு என்பதைக் கவனியுங்கள். 48 என்பது இறங்கக் கூடாத எல்லை. ‘தொடர்’ போன்ற முக்கியப் பட்டனை 56 டிபி உயரத்தில் வைப்பது நல்லது.

இதற்காக எழுத்தையோ படத்தையோ பெரிதாக்க வேண்டியதில்லை. சித்தியைப் படுத்திய ‘தவிர்’ 20 டிபி உயரம் இருக்கும். மேலே 14, கீழே 14 டிபி காலியிடத்தையும் தட்டும் பரப்பில் சேர்த்துவிட்டால் 48 ஆகிவிடும். திரையின் தோற்றம் இம்மியும் மாறாது. பக்கத்துப் பட்டனுக்கு 8 டிபி இடைவெளி விட்டால், தவறும் தட்டு இந்திக்குப் போகாமல் வெற்றிடத்தில் விழும்.

ஒரு மளிகை ஆப்பின் ஓடிபி திரையை நாமே வரைவதாக வைத்துக்கொள்வோம். பரவலாக உள்ள ஆண்ட்ராய்டு போன்களின் அகலம் 360 டிபி. இரு ஓரத்திலும் 16 விட்டால் மிஞ்சுவது 328. ஆறு இலக்கங்களுக்கு ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றும் 48 என்றால் 288. நடுவே ஐந்து இடைவெளிகள், 8 வீதம் 40. கூட்டினால் சரியாக 328! அழகாகப் பொருந்துகிறது, ஆனால் இம்மியளவும் மிச்சமில்லை. ஓரத்தை 24 ஆக்கினாலோ, 320 டிபி அகல போனில் திறந்தாலோ கட்டங்கள் நெருக்கியடிக்கும். ஆறு கட்டங்களுக்குப் பதில் ஒரே நீளக் கட்டம் வைத்தால் இந்தச் சிக்கலே வராது; வந்த எண்ணை நகலெடுத்து ஒட்டுவதும் எளிது.

அடுத்து, ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்ற வரி. டிக் போடும் பெட்டி 20 டிபிதான் இருக்கும். அதனால் வரி முழுவதையும் தட்டக்கூடியதாக்குவார்கள். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. ‘நிபந்தனைகளை’ என்ற சொல் இணைப்பாகவும் இருந்தால், டிக் போட வந்தவர் பதினைந்து பக்கச் சட்ட வாசகத்தில் போய் நிற்பார். இணைப்பைத் தனி வரியில் இறக்கிவிடுவதுதான் வழி.

இடத்தைத் தின்பது பெரும்பாலும் எழுத்துதான். அனுமதி கேட்கும் திரையில் இப்படி ஒரு வாசகம்: “தங்கள் பகுதியில் உள்ள கடைகளைக் கண்டறிய ஏதுவாக, தங்கள் இருப்பிடத் தகவலை அணுகுவதற்கு அனுமதி வழங்கவும்.” ஆங்கிலத்தில் எழுதிப் பெயர்த்தது என்பது பார்த்தாலே தெரிகிறது. “பக்கத்துக் கடைகளைக் காட்ட உங்கள் இடம் தெரிய வேண்டும்” என்றால் அரைவாசி நீளத்தில் வேலை முடிகிறது. பட்டன்களில் ‘இடம் காட்டு’, ‘பிறகு’ போதும். வெறும் ‘சரி’ என்று இன்னும் சுருக்கக் கூடாது. எதற்குச் சரி என்பது விளங்காமல் ‘வேண்டாம்’ தட்டுபவர் பலர். ஐபோனில் ஒரு முறை மறுத்துவிட்டால் ஆப் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அமைப்புகளுக்குப் போய் அவரே மாற்ற வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘அலவ்’ ஐந்தே எழுத்து. தமிழில் ‘அனுமதி வழங்கவும்’. இரண்டு பட்டன்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 160 டிபி கிடைக்கும். உள்ளே இருபுறமும் 24 போனால் எழுத்துக்கு மிஞ்சுவது 112. அதற்குள் அடங்காமல் ‘அனுமதி வழ...’ என்று மூன்று புள்ளியோடு நின்றுவிடும். தமிழுக்குப் பட்டன்களை ஒன்றின்கீழ் ஒன்றாக, முழு அகலத்தில் அடுக்குவதே வசதி. பட்டனின் உயரத்தையும் 48 என்று பூட்டி வைக்காமல், ‘குறைந்தது 48’ என்று விட வேண்டும். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு, பூட்டிய பட்டனில் ‘தீ’யின் சுழியும் ‘கூ’வின் வாலும் வெட்டுப்படும்.

சோதிக்கக் கூகுளின் Accessibility Scanner என்ற இலவச ஆப் உண்டு. 48 டிபிக்குக் குறைந்த பட்டன்களைக் கட்டம் போட்டுக் காட்டிவிடும். ஆனால் வாசகம் விளங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்கு எழுத்தை மிகப் பெரிதாக வைத்து, ஆப்பை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, ஒரு கையால் பயன்படுத்தச் சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். ஒரே இடத்தை மும்முறை தட்டினால் பரப்பு போதவில்லை. விரல் அந்தரத்தில் நின்றால் வாசகம் விளங்கவில்லை. “டச் வேலை செய்யல” என்று போனை நீட்டினால், அளவுகோலை எடுத்துக்கொண்டு அந்தத் திரைக்குத் திரும்ப வேண்டியதுதான்.