அடகில் இருக்கும் பங்குகள்: நோட்டீஸ் வருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ பட்டறைக்கு ஒரு இயந்திரம் வாங்கவோ பணம் தேவைப்படும்போது, வருடக்கணக்கில் சேர்த்த பங்குகளை விற்க மனம் வராது. விற்காமலே அவற்றை அடகு வைத்துக் கடன் வாங்கலாம் என்று நிதி நிறுவனங்கள் சொல்கின்றன. இப்போது கைபேசியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. நகைக் கடன் வாங்கிப் பழகியவர்களுக்கு இதுவும் அதைப் போன்றதாகவே தோன்றும். ஆனால் நகையை வைத்துவிட்டு வந்தால் பெரும்பாலும் வட்டி கட்டும்போதுதான் அதன் நினைவு வரும். பங்கு அடமானக் கடனிலோ ஈட்டின் மதிப்பு ஒவ்வொரு வர்த்தக நாளும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. கடன் வாங்கியவர் அந்தக் கணக்கைப் பார்க்காவிட்டாலும் கொடுத்தவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2014இல் ஒரு விதி கொண்டுவந்தது. பங்குகளை ஈடாகப் பெற்றுக் கொடுக்கும் கடன், அந்தப் பங்குகளின் மதிப்பில் பாதியை எப்போதும் தாண்டக் கூடாது. விலை இறங்கியதால் தாண்டிவிட்டால், அந்தக் குறையை ஏழு வேலை நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். இந்த ஏழு நாட்களைப் பலர் தங்களுக்குக் கிடைத்த உரிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி விதித்த வெளிவரம்பு. உங்கள் ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவான நாட்கள் எழுதப்பட்டிருக்கலாம். கடன் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் விற்போம் என்று இரண்டாவது எல்லை ஒன்றும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் முதலில் தேடிப் படிக்க வேண்டியது இந்த இரண்டு வரிகளைத்தான். வங்கிகளுக்கு விதிகள் வேறு. என்றாலும் கணக்கின் அடிப்படை ஒன்றுதான்.

கோவையில் சிறு பட்டறை நடத்தும் ஒருவரை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவர் மூன்று பங்குகளை அடகு வைக்கிறார். ஒரு பெரிய வங்கியின் பங்கு 400, விலை 1,500 ரூபாய். ஒரு ஐடி நிறுவனப் பங்கு 100, விலை 3,000. ஒரு நடுத்தர உதிரிபாக நிறுவனத்தின் பங்கு 600, விலை 500. மொத்தம் 12 லட்சம். பாதி என்பதால் அவர் எடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 6 லட்சம். இதை 'டிராயிங் பவர்' என்பார்கள். அவர் 5 லட்சம் எடுக்கிறார், வட்டி ஆண்டுக்கு 10.5 சதவீதம்.

இங்கே ஒரு சின்னப் பெருக்கல் போட வேண்டும். எடுத்த கடனை இரண்டால் பெருக்கினால், எந்த மதிப்பில் நோட்டீஸ் வரும் என்பது தெரிந்துவிடும். 5 லட்சத்துக்கு அது 10 லட்சம். பன்னிரண்டிலிருந்து பத்துக்கு, அதாவது சுமார் 17 சதவீதம் விலை சரிந்தால் மார்ஜின் குறைவு தொடங்கும். அவர் 6 லட்சத்தையும் எடுத்திருந்தால் மறுநாள் ஒரு ரூபாய் இறங்கினாலே குறைவுதான். ஆகவே ஒருவருக்கு உண்மையான பாதுகாப்பைத் தருவது, எடுக்கலாம் என்று இருந்தும் அவர் எடுக்காமல் விட்ட தொகை.

எவ்வளவு விட்டுவைப்பது? 2020 ஜனவரி நடுவில் 12,362 புள்ளிகளில் முடிந்த நிஃப்டி 50, அதே ஆண்டு மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. இரண்டே மாதங்களில் 38 சதவீதச் சரிவு. அந்த ஆண்டு முடிவதற்குள் சந்தை பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் மார்ச்சில் ஈடு பற்றாமல் பங்குகள் விற்கப்பட்டவருக்கு டிசம்பர் ஏற்றத்தால் பயனில்லை. அப்படியொரு சரிவைத் தாங்க வேண்டுமானால் 12 லட்சம் ஈட்டுக்கு 3,60,000 அளவில், அதாவது மதிப்பில் 30 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்போது 40 சதவீதம் சரிந்தால்தான் நோட்டீஸ் வரும். தனிப் பங்குகள் குறியீட்டைவிட வேகமாக இறங்கும் என்பதால் இதையும் நான் தாராளமான பாதுகாப்பாக நினைக்கவில்லை.

ஒரு மாதம் கழிகிறது. வங்கிப் பங்கு 1,380க்கும், ஐடி பங்கு 2,700க்கும், உதிரிபாகப் பங்கு 360க்கும் இறங்கியிருக்கின்றன. மொத்த மதிப்பு இப்போது 10,38,000. அதில் பாதி 5,19,000. கடன் பக்கத்தில் ஒரு மாத வட்டி 4,375 ரூபாய் சேர்ந்து 5,04,375 ஆகியிருக்கிறது. வட்டியைத் தனியாகக் கட்டாமல் கணக்கில் ஏறவிட்டால் அதுவும் கடன்தான். விலை அசையாமல் இருந்தாலும் நோட்டீஸ் எல்லை மெல்ல நெருங்கி வரும். நோட்டீஸ் வரவில்லை என்பதால் அவர் கவலையில்லாமல் இருக்கக்கூடும். ஆனால் இன்னும் மூன்று சதவீதத்துக்கும் குறைவான சரிவே மிச்சம் இருக்கிறது.

கணக்கைப் பரிசீலிக்க உட்காருகிறவர் மூன்று தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: கடன் நிறுவனம் தரும் அறிக்கை, என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல்லின் டீமேட் அறிக்கை, நிறுவனம் ஈடாக ஏற்கும் பங்குகளின் இன்றைய பட்டியல். அடகு வைத்த பங்குகள் உங்கள் டீமேட் கணக்கிலேயே இருக்கும். விற்க முடியாதபடி அவற்றின் மேல் அடகு என்ற குறி மட்டும் விழுந்திருக்கும். டிவிடெண்டும் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். அதனால் யார் பெயரில், எத்தனை பங்குகள் அடகில் உள்ளன என்பதை நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு அறிக்கைகளிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

அது ஒத்துப்போகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் போனஸ் அல்லது முகமதிப்புப் பிரிப்புதான் காரணமாக இருக்கும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் குறித்த நாளில் விலை பாதியாகிவிடும். புதிய பங்குகள் கணக்கில் வந்து, ஈடாகவும் சேர்க்கப்பட்ட பிறகுதான் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பும். இடையில் கடன் கணக்கில் பெரிய குறைவு தெரியும். முகமதிப்பு பிரிக்கப்படும்போது பங்கின் ஐஎஸ்ஐஎன் எண்ணே மாறிவிடும். கடன் நிறுவனத்தின் கணினியில் பழைய எண் இருந்தால் அந்தப் பங்கின் மதிப்பு பூஜ்யம் என்று காட்டக்கூடும். இது உண்மையான நஷ்டம் இல்லை. ஆனால் நோட்டீஸ் உண்மையாகவே வரும். போனஸ், பிரிப்பு அறிவிப்பு வந்தவுடன் கடன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, புதிய பங்குகள் எப்போது ஈட்டில் சேரும் என்று பதில் வாங்கி வைப்பது நல்லது.

மூன்றாவது தாளைத்தான் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. எந்தப் பங்கை ஈடாக ஏற்பது, எவ்வளவுக்கு ஏற்பது என்பதை நிறுவனம் அவ்வப்போது மாற்றும். வர்த்தகம் குறைந்துபோன பங்கு, பிரச்சினையில் சிக்கிய நிறுவனத்தின் பங்கு பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். நம் பட்டறைக்காரரின் உதிரிபாகப் பங்குக்கு அதுதான் நடக்கிறது என்று கொள்வோம். சந்தையில் அதன் மதிப்பு 2,16,000. ஆனால் கடன் கணக்கில் இனி அது எண்ணப்படாது. கணக்கில் நிற்பது 8,22,000, பாதி 4,11,000. அன்று சந்தை அசையாமல் இருந்தாலும் 93,375 ரூபாய் குறைவு.

இப்போது டாப்-அப் கேட்டு நோட்டீஸ் வருகிறது. இதைச் சரிக்கட்ட மூன்று வழிகள் உண்டு. பணமாகக் கட்டினால் 93,375 ரூபாய் போதும். கூடுதல் பங்குகளை அடகு வைத்தால் அதைப் போல இரு மடங்கு, 1,86,750 ரூபாய் மதிப்புக்கு வேண்டும், ஏனென்றால் அவற்றிலும் பாதிதான் எண்ணப்படும். ஈட்டில் இருக்கும் வங்கிப் பங்கையோ ஐடி பங்கையோ விற்றுக் கடனை அடைத்தாலும் அதே 1,86,750க்கு விற்க வேண்டும். விற்பனையில் கடன் குறையும்போது ஈடும் சேர்ந்தே குறைவதுதான் காரணம். ஒரு லட்சம் குறைவுக்கு ஒரு லட்சம் விற்றால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இந்தச் சிக்கலில் இன்னொரு வழியும் இருக்கிறது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட உதிரிபாகப் பங்கு ஏற்கெனவே ஈட்டுக் கணக்கில் இல்லை. அதை விற்றால் கடன் மட்டும் குறையும், ஈடு குறையாது. 360 ரூபாய்க்கு 260 பங்குகளை விற்றால் 93,600 வந்துவிடும், குறைவு தீர்ந்தது. இந்த யோசனை கடன் நிறுவனத்துக்குத் தானாகத் தோன்ற வேண்டிய அவசியமில்லை. கெடு முடிந்துவிட்டால் அவர்கள் எளிதில் விலைபோகும் வங்கிப் பங்கைத்தான் விற்க விரும்புவார்கள். எதை விற்பது என்று தீர்மானிக்கும் வாய்ப்பு கெடு முடியும்வரைதான் கடனாளி கையில் இருக்கும். ஆகவே நோட்டீஸ் கிடைத்த அன்றே, இந்தப் பங்கின் அடகை விடுவித்து விற்க அனுமதியுங்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். அந்தப் பங்கு கீழ் சர்க்யூட்டில் மாட்டி, வாங்க ஆளில்லாத நிலைக்குப் போய்விட்டால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

விற்பதற்கு முன் அறிவிப்பு தருவது கடன் கொடுத்தவரின் கடமை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆவது பிரிவு, அடகுப் பொருளை விற்க நியாயமான முன்னறிவிப்பைக் கோருகிறது. டீமேட் பங்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் பி.டி.சி. இந்தியா பைனான்சியல் சர்வீசஸ் வழக்கில் சொன்னது. அடகை அமல்படுத்தி நிறுவனம் பங்குகளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது விற்பனை ஆகாது. உண்மையான விற்பனை நடக்கும்வரை பணத்தைக் கட்டிப் பங்குகளை மீட்க முடியும் என்பதும் அந்தத் தீர்ப்பிலிருந்து தெளிவாகிறது. ஆனால் அறிவிப்பு வருவது நீங்கள் கொடுத்த மின்னஞ்சலுக்கும் கைபேசி எண்ணுக்கும்தான். எண்ணை மாற்றிவிட்டுக் கடன் நிறுவனத்துக்குச் சொல்லாதவர் நோட்டீஸைப் பார்க்காமலே கெடுவைத் தவறவிடுவார்.

நிறுவனமே விற்றாலும் லாபத்துக்கான வரி கடனாளியின் தலையில்தான் விழும். 2024 ஜூலை 23 முதல், பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதமும், அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்தில் 12.5 சதவீதமும் வரி. பத்து வருடங்களுக்கு முன் மலிவாக வாங்கிய வங்கிப் பங்கை அவர்கள் விற்றால் இந்தச் சுமை பெரிதாக இருக்கும். நஷ்டத்தில் இருக்கும் பங்கை நாமே தேர்ந்து விற்றால் அது இருக்காது.

பட்டறைக்காரர் 260 பங்குகளோடு நிறுத்திக்கொண்டால் கடன் 4,10,775 ஆகும், எல்லையோ 4,11,000. இடைவெளி 225 ரூபாய்தான். மறுநாள் வங்கிப் பங்கு இரண்டு ரூபாய் இறங்கினால் மீண்டும் நோட்டீஸ் வந்துவிடும். அவர் 600 பங்குகளையும் விற்று 2,16,000 ரூபாயைக் கடனில் கட்டினால், பாக்கி 2,88,375 ஆகக் குறைகிறது. அதன் இரு மடங்கு 5,76,750. 8,22,000 ரூபாய் ஈடு அந்த அளவுக்கு வர இன்னும் சுமார் 30 சதவீதம் சரிய வேண்டும். அவருக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான். சந்தை ஏறி டிராயிங் பவர் மறுபடி உயரும்போது, எடுத்துக்கொள்ளலாம் என்று குறுஞ்செய்தி வரும். அந்தத் தொகையை எடுத்தால் நோட்டீஸ் எல்லையும் கூடவே மேலேறி வரும் என்பதை, எடுப்பதற்கு முன் அதே இரண்டால் பெருக்கும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.