தசை இழுக்கும், கம்பி தாங்கும்

மழை ஓய்ந்த காலை. பால் வாங்கிக்கொண்டு திரும்பிய 52 வயது அம்மா ஒருவர் ஈரமாக இருந்த வாசற்படியில் வழுக்கினார். என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இது: "சார், முதல்ல ‘டப்’புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் விழுந்தேன்." கூட வந்த மகனுக்குச் சிரிப்பு. விழுந்தால்தானே எலும்பு உடையும்? ஆனால் அந்த அம்மா சொன்னதுதான் சரி.

வழுக்கும்போது உடம்பு தன்னைத் தாங்கிக்கொள்ளப் பார்க்கிறது. மடங்கிக்கொண்டிருக்கும் முழங்காலை நிறுத்த, தொடையின் முன்பக்கத் தசை முழுப் பலத்தோடு சுண்டி இழுக்கிறது. அந்த இழுப்பின் நடுவே சிக்கிக்கொண்டிருப்பது முட்டிச்சில்லு. பின்னால் தொடை எலும்பின் முனை முட்டுக்கொடுக்க, மேலே தசையும் கீழே நாரும் இழுக்க, விறகுக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல் சில்லு குறுக்காக இரண்டாகப் போய்விடுகிறது. தரையில் நேராக மோதி உடைவது வேறு வகை. அதில் சில்லு நட்சத்திரம்போலப் பல துண்டாகச் சிதறும்.

அவருடைய முழங்கால் தேங்காய்போல் வீங்கியிருந்தது. விரலை வைத்துத் தடவினால் நடுவே ஒரு பள்ளம். "காலை மடக்காம, குதிகாலைப் படுக்கையிலேர்ந்து தூக்குங்கம்மா" என்றேன். தொடைத் தசை இறுகியது தெரிந்தது. குதிகால் நகரவே இல்லை. "தொடை இறுகுது சார், கால் வர மாட்டேங்குது." இந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. வலியால் தூக்க முடியவில்லையா, அறுந்ததால் தூக்க முடியவில்லையா என்று சந்தேகம் வந்தால், மூட்டில் தேங்கிய ரத்தத்தை ஊசியால் எடுத்துவிட்டு, உள்ளே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி மறுபடி தூக்கச் சொல்வோம். வலி போன பின்னும் கால் எழவில்லை என்றால் அறுந்தே விட்டது.

எது அறுந்தது? காலை நீட்டும் கயிறு. தொடைத் தசை, அதன் நாண், முட்டிச்சில்லு, சில்லின் கீழ்நார், கெண்டைக்கால் எலும்பின் மேட்டுப்பகுதி: இவையெல்லாம் சேர்ந்து ஒரே கயிறு. சில்லு அதன் நடுவே கோத்த மணி. அது கயிற்றை மூட்டின் அச்சிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்துகிறது. நெம்புகோலை நீளமாகப் பிடித்தால் குறைந்த பலத்தில் பாறை நகருமே, அதே கணக்கு. 1937-இல் ரால்ஃப் புரூக் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், உடைந்த சில்லை முழுதாக எடுத்துவிட்டால் கால் நன்றாகவே வேலை செய்யும் என்று எழுதினார். கொஞ்ச காலம் அது செல்வாக்காகவும் இருந்தது. எடுத்தவர்களின் காலை அளந்து பார்த்தபோதுதான் நீட்டும் பலம் கணிசமாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. இன்று வேறு வழியே இல்லாதபோதுதான் சில்லை முழுதாக எடுக்கிறோம்.

மகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஆபரேஷன் இல்லாம, கட்டு வைத்தியர்கிட்ட போய்க் கட்டு போட்டா சேராதா சார்?" நியாயமான கேள்வி. சில்லில் விரிசல் மட்டும் விழுந்து, துண்டுகள் விலகாமல், காலையும் தூக்க முடிகிறது என்றால் காலை நீட்டி வைத்து 4 முதல் 6 வாரம் மாவுக்கட்டுப் போட்டாலே போதும். ஆனால் துண்டுகள் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிட்டால் எந்தக் கட்டும் உதவாது. கட்டு வெளியே இருக்கிறது. இழுக்கும் தசை உள்ளே இருக்கிறது. மேல் துண்டைத் தொடைப் பக்கம் தசை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இடைவெளியில் எலும்புக்குப் பதில் நார் வளரும். ஆறு மாதம் கழித்து அவர்கள் நடந்து வருவார்கள். ஆனால் படியில் ஏறும்போது கால் மடங்கிவிடுகிறது என்பார்கள். அப்போது சரிசெய்வது, முதல் வாரத்தில் செய்வதைவிடப் பல மடங்கு சிரமம்.

சில்லைக் கம்பியால் கட்டலாம் என்பது பழைய யோசனைதான். 1877-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர், உடைந்த முட்டிச்சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் தைத்தார். மூட்டைத் திறந்தால் சீழ் வைத்து உயிரே போய்விடும் என்று அஞ்சிய காலம் அது. கிருமிநாசினியின் மேல் வைத்த நம்பிக்கையில் அவர் துணிந்தார். ஆனாலும் எலும்பைச் சும்மா கம்பியால் சேர்த்துக் கட்டினால் போதாது. தசையின் இழுப்புக்கு முன் கம்பி அறுந்துபோகும், அல்லது எலும்பை அறுத்துக்கொண்டு வெளியே வரும்.

கம்பியை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று கட்டடப் பொறியாளரைப்போல யோசித்தவர் ஜெர்மனியின் ஆகன் நகரைச் சேர்ந்த ஃப்ரீட்ரிஷ் பாவெல்ஸ். அவருடைய தத்துவத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு தீப்பெட்டிகளை முனையோடு முனை சேர்த்து மேஜையில் வையுங்கள். சேரும் இடத்தில் மேல்பக்கம் மட்டும் செலோடேப் ஒட்டுங்கள். இப்போது இரண்டையும் கையில் எடுத்து, வெளி ஓரங்களைக் கீழ்நோக்கி வளையுங்கள். மேலே டேப் இருப்பதால் வாய் பிளக்காது. அடிப்பக்க விளிம்புகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். எவ்வளவு வளைக்கிறீர்களோ அவ்வளவு இறுக்கம். டேப்பை அடிப்பக்கம் ஒட்டிவிட்டு அதே மாதிரி வளைத்தால் மேலே வாய் பிளந்துவிடும்.

முழங்கால் மடங்கும்போது சில்லின் முன்பக்கம் விரியப் பார்க்கிறது. பின்பக்கம், அதாவது தொடை எலும்பின் மேல் உராயும் பக்கம், அழுந்துகிறது. ஆகவே கம்பி முன்பக்கம் போக வேண்டும். அப்படிப் போட்டுவிட்டால், எலும்பைப் பிரித்த அதே தசை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உடைப்பை இறுக்கிக் கொடுக்கிறது. இதற்குத்தான் ‘டென்ஷன் பேண்ட்’ என்று பெயர். ஒரு நிபந்தனை உண்டு. பின்பக்க எலும்பு நொறுங்காமல் இருக்க வேண்டும். தீப்பெட்டியின் அடிப்பக்கம் நசுங்கியிருந்தால் அழுத்தத்தைத் தாங்குவது எது? பல துண்டாகச் சிதறிய சில்லுக்கு இதை மட்டும் நம்பிக் கம்பி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அங்கே ஸ்குரூவோ பிளேட்டோ துணைக்கு வேண்டும்.

அந்த அம்மாவுக்கு மூன்றாம் நாள் அறுவை செய்தோம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தோம். முட்டியின் நடுவே நேர்க்கோடாகத் தோலைத் திறந்து, உறைந்த ரத்தத்தைக் கழுவினோம். சில்லின் இருபுறமும் இருக்கும் நார்ப்படலமும் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியே விரலை உள்ளே விட்டுச் சில்லின் பின்பரப்பைத் தடவிப் பார்க்க முடியும். இரண்டு துண்டையும் கிடுக்கியால் சேர்த்த பிறகு, அங்கே விரலுக்குப் படி தட்டக் கூடாது. முன்பக்கம் அழகாகச் சேர்ந்திருந்து பின்னால் 2 மில்லிமீட்டர் படி இருந்தால், அந்த மூட்டு பின்னாளில் தேய்ந்து அழும்.

பிறகு 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு எஃகுக் கம்பிகளைச் சில்லின் ஊடே மேலிருந்து கீழாக, தண்டவாளம்போல் இணையாகச் செலுத்தினோம். இவற்றைக் கே-வயர் என்போம். வளையக்கூடிய மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை அந்தக் கே-வயர்களின் மேல்முனைக்குப் பின்னாலும் கீழ்முனைக்குப் பின்னாலும் ஓட்டி, சில்லின் முன்னால் ஆங்கில எட்டுப்போல் குறுக்கே போட்டு, இரண்டு இடத்தில் முறுக்கினோம். ஒரே இடத்தில் முறுக்கினால் ஒரு பக்கம்தான் இறுகும். கம்பி எலும்பை ஒட்டியே போக வேண்டும். நடுவே நாணின் சதை மாட்டிக்கொண்டால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். நாலு நாளில் கம்பி சதையை அறுத்துக்கொண்டு இறங்கித் தளர்ந்துவிடும். கிழிந்த நார்ப்படலத்தையும் தைத்தோம். அதைத் தைக்காவிட்டால் கயிற்றில் பாதி அறுந்தே கிடக்கிறது என்று பொருள். கடைசியாக, தையல் போடும் முன் மேஜையிலேயே முழங்காலை 90 பாகை வரை மடக்கிப் பார்த்தோம். உடைப்பு வாய் திறக்கவில்லை.

மறுநாளே, முழங்காலை நீட்டிவைக்கும் பிரேஸோடு அவரை ஊன்றி நடக்கவிட்டோம். மடக்கும் பயிற்சி வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஆறாவது வாரம் 90 பாகை தொட்டார். ஆனால் காலைத் தூக்கும்போது கடைசி 10 பாகை நேராகாமல் தொங்கியது. நீட்டும் தசை பல வாரம் சும்மா இருந்ததால் வரும் தொய்வு இது. தினமும் முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்திக் குதிகாலைத் தூக்கும் பயிற்சியில் மூன்றாம் மாதம் சரியானது. சம்மணம் போட முடிந்தது. மண்டியிட்டுக் கும்பிட மட்டும் கம்பி குத்துகிறது என்றார். இது பலருக்கும் வரும் தொல்லை. எலும்பு நன்றாகச் சேர்ந்த பின், ஓராண்டு கழித்துக் கம்பியை எடுத்தோம்.

முழங்கைக்கும் இதே கதைதான். மேஜையில் ஊன்றும் முழங்கையின் கூர்முனையில் மேற்கையின் பின்தசை வந்து பிடித்துக்கொள்கிறது. அந்த முனை உடைந்தால் தசை அதை மேலே இழுத்துக்கொண்டு போகும். இங்கே சோதிப்பதில் ஒரு ஏமாற்று உண்டு. கையைத் தொங்கவிட்டு நீட்டச் சொன்னால் பூமியின் ஈர்ப்பிலேயே கை நீண்டுவிடும். எல்லாம் சரி என்று தோன்றும். கையைத் தலைக்கு மேல் தூக்கி, அங்கிருந்து முழங்கையை நீட்டச் சொல்ல வேண்டும். அப்போது முடியவில்லை என்றால் கயிறு அறுந்திருக்கிறது. கம்பி போடும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். முழங்கையில் சதைப்பற்று குறைவு என்பதால் கே-வயர் பின்வாங்கித் தோலுக்கடியில் நிமிர்ந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. தோல் சிவந்து மினுமினுத்தால் காத்திருக்கக் கூடாது. தோல் துளைபட்டால் கிருமி நேரே எலும்புக்கு இறங்கும்.

முழங்கையில் பாவெல்ஸ் சொன்ன மாயம் முழுதாக நடக்கிறதா என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் சில கேள்வி எழுப்பியிருக்கின்றன. தசை இழுக்கும்போது மூட்டுப் பக்கம் எதிர்பார்த்த அளவு அழுத்தம் கூடவில்லை. முறுக்கும்போது கொடுத்த இறுக்கம்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது என்கின்றன. அதனால்தான் முறுக்குவதில் கை சுத்தமாக இருக்க வேண்டும். இன்னொன்று, 75 வயதைத் தாண்டியவர்களின் முழங்கை முனை முறிவில் அறுவையையும் வெறும் தூளியையும் எடின்பரோவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அறுவை செய்தவர்களிடம் சிக்கல் அதிகமாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2017-இல் வெளிவந்தது. தாத்தாவுக்கு முழங்கை முனை உடைந்து, டாக்டர் "தூளி போதும்" என்றால் அவர் அலட்சியம் செய்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கால் சில்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் காலை நீட்டி நிறுத்தும் இழுப்பு அதன் வழியாகத்தான் போகிறது.

வீட்டில் யாராவது முட்டி அடிபட்டு விழுந்தால், உட்கார வைத்துக் காலை நீட்டித் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை என்றால் தைலம் தேய்க்க வேண்டாம், நீவவும் வேண்டாம். காலை நீட்டியபடியே ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டி அழைத்துப் போங்கள். எக்ஸ்-ரே எடுக்கும் இடத்தில் பக்கவாட்டுப் படமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நேர்ப் படத்தில் தொடை எலும்பின் நிழல் மேலே விழுந்து, இந்த உடைப்பு கண்ணுக்குத் தப்பிவிடும்.