பல்லுக்கும் கண்ணுக்கும் பாலிசி எப்போது பணம் தரும்?

சொத்தைப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துவிட்டு, மெடிக்ளைம் பாலிசியில் பணம் கேட்டால் கிடைக்காது. இது அநியாயம் என்று பலர் கோபப்படுகிறார்கள். ஆனால் காரணம் எளிது. வருமா வராதா என்று தெரியாத பெரிய செலவைப் பலர் சேர்ந்து பங்கிட்டுக்கொள்வதுதான் இன்சூரன்ஸ். பல் சொத்தை ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்தும் வரும். எல்லோருக்கும் வரும் செலவைப் பங்குபோட்டால் அவரவர் செலவை அவரவரே பிரீமியமாகக் கட்டுவதாகும். கம்பெனியின் நிர்வாகச் செலவும் மேலே சேரும். வலி தொடங்கிய பிறகு பாலிசி எடுக்கிறவர்களும் வருவார்கள்.

விபத்து வேறு கணக்கு. ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து, தாடை எலும்பு முறிந்து, இரண்டு முன்பற்களையும் இழக்கிறார் என்று வையுங்கள். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி, தாடைக்கு பிளேட் வைத்தால் அந்தச் செலவுக்குப் பாலிசி உண்டு. சிக்கல் அதன் பிறகுதான். போன பல்லுக்குப் பதில் இம்ப்ளான்ட் வைக்க எலும்பு ஆற வேண்டும். அதற்கே சில மாதங்கள் ஆகலாம். ஆரோக்ய சஞ்சீவனி போன்ற பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கு 60 நாட்கள்தான் கெடு. செயற்கைப் பல்லையே விலக்கிவைக்கும் பாலிசிகளும் உண்டு. எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் பற்கள் விபத்தில் உடைந்தன என்று எழுதியிருக்கிறதா என அப்போதே பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால், பல் முன்பே ஆடிக்கொண்டிருந்தது என்று கம்பெனி சொல்ல இடமுண்டு.

கண்ணுக்கும் இதே தர்க்கம்தான். கண்ணாடியை விடுவதற்கான லேசர் சிகிச்சைக்குப் பவர் 7.5 டயாப்டருக்குக் கீழே இருந்தால் பணம் இல்லை. கண்புரை அறுவை உண்டு, ஆனால் காத்திருப்புக் காலம் முடிய வேண்டும். ஆரோக்ய சஞ்சீவனியில் ஒரு கண்ணுக்கு ஓராண்டில் காப்புத்தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு.

இந்த இடைவெளியை நிரப்புவதாகச் சொல்லித்தான் ஓ.பி.டி., வெல்னஸ் ஆட்-ஆன்களை விற்கிறார்கள். பல் டாக்டர் கன்சல்டேஷன், பல் சுத்தம், கண் பரிசோதனை, சிலவற்றில் கண்ணாடிக்குச் சிறு தொகை, நடைப்பயிற்சிக்குப் புள்ளிகள், அதை வைத்துப் புதுப்பிக்கும்போது பிரீமியத் தள்ளுபடி. எல்லாம் நல்லதே. ஆனால் கூடுதலாக 4,000 ரூபாய் கட்டி 5,000 ரூபாய் வரம்பு வாங்கினால், முழு வரம்பையும் பயன்படுத்தினாலும் லாபம் 1,000 ரூபாய்தான். ஒரு வருடம் பல் டாக்டரிடம் போகாவிட்டால் 4,000 ரூபாயும் போனதுதான். பல ஆட்-ஆன்களில் கிடைப்பது பணமல்ல. அவர்கள் பட்டியலில் உள்ள கிளினிக்கில் தள்ளுபடி மட்டுமே.

வீட்டில் ஆண்டுதோறும் கண்ணாடி மாற்றுகிறவர்களும் பல் டாக்டரிடம் போகிறவர்களும் நாலைந்து பேர் இருந்து, ஊரிலேயே அந்தப் பட்டியல் கிளினிக்கும் இருந்தால் வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை அடிப்படைக் காப்புத்தொகையை உயர்த்தச் செலவிடுவதே மேல்.